பாஸ்புக்கிலும் அதனுடன் இணைந்த எல்லாப் பதிவுகளிலும் பெயரைத் திருத்தக் கோரும் கடிதம்

அனுப்புநர்
ந. மாதம்மாள்,
க/பெ. நஞ்சப்பன்,
2/114, மாரியம்மன் கோவில் தெரு,
மாரண்டஹள்ளி,
பாலக்கோடு வட்டம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
பாலக்கோடு கிளை,
பாலக்கோடு,
தருமபுரி மாவட்டம்.

நாள்: 18.11.2025

பொருள்: சேமிப்புக் கணக்கு (கடைசி நான்கு எண்கள் 2716) – பாஸ்புக்கில் பெயரும் தலைப்பெழுத்தும் தவறாக அச்சாகி வருவது – சி.ஐ.எஃப். அளவிலேயே திருத்தி, அதனுடன் இணைந்த எல்லாப் பதிவுகளையும் சரிசெய்து தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கிளையில் 2009-ஆம் ஆண்டு முதல் மேற்கண்ட சேமிப்புக் கணக்கை வைத்திருக்கிறேன். என் பெயர் ந. மாதம்மாள். ஆதார் அட்டை, பான் அட்டை, வாக்காளர் அடையாள அட்டை ஆகிய மூன்றிலும் ஆங்கிலத்தில் MATHAMMAL N என்று ஒரே விதமாகவே உள்ளது. குடும்ப அட்டையிலும் நிலத்தின் சிட்டாவிலும் தமிழில் மாதம்மாள், கணவர் பெயர் நஞ்சப்பன் என்று உள்ளது. தங்கள் கணினியிலும், அதிலிருந்து அச்சாகும் பாஸ்புக்கிலும் மட்டும் MATHAMAL T என்று இருக்கிறது. அதாவது பெயரின் நடுவில் ஒரு M விடுபட்டிருக்கிறது. தலைப்பெழுத்து N என்பதற்குப் பதிலாக T என்று பதிவாகியிருக்கிறது.

கணக்குத் தொடங்கும் படிவத்தைத் தமிழில் நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்தில் "ந" என்பதும் "த" என்பதும் ஒன்றுபோலத் தெரிவது உண்டு என்பதால், பதிவேற்றியவர் அதைத் "த" என்று படித்து T என்று தட்டச்சு செய்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். யார் செய்தார் என்று கேட்பது என் நோக்கமல்ல. ஆனால் சரியான பெயர் எது என்பதற்குத் தங்கள் கிளையிலேயே சான்று இருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். 2009-இல் தரப்பட்ட முதல் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில், அன்றைய அலுவலர் தம் கையால் "ந. மாதம்மாள், க/பெ. நஞ்சப்பன்" என்று நீல மையில் எழுதி, கிளையின் முத்திரையையும் அதன் மேல் பாதி படும்படி இட்டிருக்கிறார். மாதிரிக் கையொப்ப அட்டையிலும் நான் "ந. மாதம்மாள்" என்றுதான் தமிழில் கையொப்பமிட்டிருக்கிறேன். பாஸ்புக் முழுவதும் இயந்திரத்தில் அச்சாகத் தொடங்கிய பிறகே இந்தத் தவறு கண்ணில் படத் தொடங்கியது.

இதைக் கிளையில் முன்பே தெரிவித்திருக்கிறேன். முதலில், பாஸ்புக்கில் அச்சான பெயரைப் பேனாவால் அடித்து, மேலே சரியான பெயரை எழுதிச் சிறு கையொப்பமிட்டுத் தந்தார்கள். அந்தப் புத்தகம் தீர்ந்து புதியது வாங்கியபோது பழைய தவறே மறுபடி அச்சாகி வந்தது. கணினியில் உள்ள பதிவு மாறாதவரை பாஸ்புக்கில் எத்தனை முறை அடித்து எழுதினாலும் பயனில்லை என்பதால்தான், இம்முறை பாஸ்புக்கை மட்டும் குறிப்பிடாமல் எல்லாப் பதிவுகளையும் சேர்த்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பின்னர் கேட்டபோது, பெயர் மாற்றத்துக்கு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு அதன் நகலைக் கொண்டுவர வேண்டும் என்று முகப்பில் சொல்லப்பட்டது. இதை நான் பணிவுடன் ஏற்க மறுக்கிறேன். அரசிதழ் அறிவிப்பு என்பது ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொண்டால், அதாவது அடையாள ஆவணத்தில் ஒரு பெயரும் இப்போது வழங்குவது வேறொரு பெயருமாக இருந்தால், அதற்காகக் கேட்கப்படுவது. நான் எந்தப் பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. அரசிதழில் வெளியிடுவதென்றால், "இதுவரை MATHAMAL T என்று அறியப்பட்ட நான் இனி MATHAMMAL N என்று அறியப்படுவேன்" என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அப்படி ஒரு பெயரில் நான் ஒருநாளும் அறியப்பட்டதில்லை என்னும்போது, இல்லாத ஒன்றை உறுதிமொழியாகத் தருவது முறையாகாது. நான் கேட்பது என் ஆதாரில் உள்ளபடி வங்கியின் பதிவைத் திருத்துவது மட்டுமே.

இந்தக் கணக்கை முடித்துவிட்டுச் சரியான பெயரில் புதிய கணக்குத் தொடங்கலாம் என்றும் ஒரு யோசனை கூறப்பட்டது. அதுவும் எனக்குச் சரிவராது. ஆதார் வழியாக வரும் அரசு உதவித்தொகைகளும், பால் சங்கத்தின் பட்டுவாடாவும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு விற்ற பணமும் இந்தக் கணக்கு எண்ணுக்கே வருகின்றன. பயிர்க்கடனும் வைப்புத்தொகைகளும் இதனுடன் பிணைந்துள்ளன. ஆகையால் கணக்கு எண் மாறாமல் பெயர் மட்டும் திருத்தப்பட வேண்டும்.

தலைப்பெழுத்து ஒன்றுதானே, இதில் என்ன பெரிய சிக்கல் என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் மாதேஸ்வரனை வேண்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு மாதையன், மாது, மாதம்மாள் என்று பெயரிடுவது வழக்கம். எங்கள் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டாலே மாதம்மாள் என்ற பெயருடையவர் பலர். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது தலைப்பெழுத்துதான். எங்கள் ஊரிலேயே த. மாதம்மாள் என்று உண்மையாகவே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் தங்கள் கிளையில் கணக்கும் நகைக் கடனும் உண்டு. கடந்த ஆடி மாதம், அவருடைய நகைக் கடன் தவணை தவறியதற்கான ஏல முன்னறிவிப்பு பதிவுத் தபாலில் என் வீட்டு முகவரிக்கு வந்தது. உறையின் மீது "MATHAMAL T" என்று இருந்ததால் தபால்காரர் தயங்காமல் என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதை அவரிடம் சேர்ப்பித்தேன். அவரும் உரிய நாளுக்குள் வட்டியைக் கட்டி நகையைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த உறை என் வீட்டுப் பரணில் கிடந்திருந்தால் இழப்பு அவருக்கு. இதே குழப்பம் மறுபக்கமாக நடந்தால் இழப்பு எனக்கு. குறிப்பாக, கடன் விவரங்களைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தாங்கள் அனுப்பும்போது அவருடைய நிலுவை என் பெயரின் கீழ் ஏறிவிட்டதா என்பதையும் சரிபார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திருத்தம் செய்யப்பட வேண்டிய பதிவுகளை எனக்குத் தெரிந்தவரை இங்கே குறிப்பிடுகிறேன். அடிப்படையாக, 0583 என்று முடியும் என் சி.ஐ.எஃப். எண்ணில் உள்ள பெயர் முதலில் மாற வேண்டும். அதைத் தொடர்ந்து சேமிப்புக் கணக்கு, காசோலைப் புத்தகம், ரூபே அட்டை, ரூ.2,00,000-க்கும் ரூ.1,00,000-க்கும் உள்ள இரண்டு வைப்புத்தொகை ரசீதுகள், பயிர்க்கடன் கணக்கு ஆகியவற்றில் சரியான பெயர் வர வேண்டும். மத்திய கே.ஒய்.சி. பதிவேட்டுக்குத் தங்கள் வங்கி அனுப்பியுள்ள விவரமும், வட்டி வருமானம் தொடர்பாக என் பான் எண்ணுடன் வைத்திருக்கும் விவரமும் அவ்வாறே மாற வேண்டும். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர் என்ற முறையில் குழுவின் கணக்கிலும் நான் கூட்டாகக் கையொப்பமிடுகிறேன். அந்தக் கணக்கின் கையொப்பதாரர் பட்டியலிலும் இதே தவறான பெயர் இருப்பதால், குழுவின் தீர்மான நகலுடன் அதையும் திருத்தக் கோருகிறோம். என் கணவர் நஞ்சப்பனின் கணக்கில் நாமினியாக என் பெயர் இதே பிழையுடன் உள்ளது. நாமினி விவரத்தைத் திருத்தக் கணக்குதாரரே கேட்க வேண்டும் என்பதால், அவர் கையொப்பமிட்ட தனி விண்ணப்பம் இத்துடன் உள்ளது.

இவற்றுள் விபத்துக் காப்பீட்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்துக்காக ஆண்டுதோறும் ரூ.20 என் கணக்கில் பிடிக்கப்படுகிறது. எனக்கு ஏதேனும் நேர்ந்தால் ரூ.2 லட்சம் என் குடும்பத்துக்குச் சேர வேண்டும். இறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வங்கிப் பதிவில் வேறொரு பெயரும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை துக்க வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழும். அப்போது விளக்கம் சொல்ல நான் இருக்க மாட்டேன் என்பதால், இருக்கும்போதே கேட்கிறேன்.

அவசரத்துக்குக் காரணம் இரண்டு. பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கான மானியத்துக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அதனுடன் பாஸ்புக்கின் முதல் பக்க நகலை இணைக்க வேண்டும், அதில் உள்ள பெயர் ஆதாருடனும் சிட்டாவுடனும் ஒத்திருக்க வேண்டும். மேலும், பெரிய வைப்புத்தொகை 03.02.2026 அன்று முதிர்கிறது. இது போதாதென்று, ஓசூரில் வேலை செய்யும் என் மகன் கைப்பேசியில் பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயராக MATHAMAL T என்று திரையில் வருகிறது. அவனுக்கு விவரம் தெரியும். கூடு வாங்கும் வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பத் தயங்குகிறார்கள். அவர்கள் தயங்குவதில் தவறும் இல்லை.

எனவே, சி.ஐ.எஃப். பதிவில் MATHAMMAL N என்று திருத்தி, மேலே கூறிய ஒவ்வொரு பதிவிலும் அது மாறிவிட்டதை உறுதிசெய்து, திருத்திய பெயர் இயந்திரத்திலேயே அச்சான புதிய பாஸ்புக்கையும் புதிய வைப்புத்தொகை ரசீதுகளையும் கட்டணமின்றி வழங்குமாறு வேண்டுகிறேன். மாற்றம் செய்யப்பட்ட நாளையும், பழைய பெயரில் உள்ள பரிவர்த்தனைகள் யாவும் என்னுடையவையே என்பதையும் குறிப்பிட்டுக் கிளையின் முத்திரையுடன் ஒரு கடிதம் தந்தால், மற்ற அலுவலகங்களில் காட்ட உதவும். ஏதேனும் ஒரு பதிவைக் கிளை அளவில் திருத்த இயலாது என்றால், எதை, எந்த அலுவலகத்தில் திருத்த வேண்டும் என்பதை எழுத்து வழியாகத் தெரிவிக்கவும். வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை வைத்து நான் ஏற்கெனவே அலைந்துவிட்டேன்.

அசல் ஆவணங்களைக் காட்டவும், கைரேகை வைக்கவும், தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வரக் காத்திருக்கிறேன். கிளையில் பதிவான என் கைப்பேசி எண்ணுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதன்கிழமை குழுக் கூட்டம் இருப்பதால் அன்று மட்டும் பிற்பகலில் வர இயலும். இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நாளும் முத்திரையும் இட்ட ஒப்புகையை இரண்டாம் படியில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட வழி இருக்கிறது என்பதை அறிவேன். தங்கள் கிளையிலேயே இது முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் முதலில் தங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

ந. மாதம்மாள்
(மாதிரிக் கையொப்ப அட்டையில் உள்ளபடி)

இடம்: மாரண்டஹள்ளி

இணைப்பு: ஆதார், பான், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, சிட்டா ஆகியவற்றின் சுய கையொப்பமிட்ட நகல்கள், 2009-ஆம் ஆண்டு பாஸ்புக்கின் முதல் பக்கமும், பேனாவால் திருத்தப்பட்ட பக்கமும், நடப்பு பாஸ்புக்கின் முதல் பக்கமும் (கணக்கு எண், சி.ஐ.எஃப். எண் முழுமையாக இவற்றில் உள்ளன), இரண்டு வைப்புத்தொகை ரசீதுகளின் நகல், சுயஉதவிக் குழுவின் தீர்மான நகல், நாமினி பெயரைத் திருத்தக் கோரும் என் கணவரின் விண்ணப்பம்.