ஜூன் 2025 மாத ரீடெய்னர் இன்வாய்ஸ்

இன்வாய்ஸ் எண்: 2025/06-R
தேதி: 1 ஜூலை 2025
சேவைக் காலம்: 1 முதல் 30 ஜூன் 2025 வரை

1. நிலையான மாதக் கட்டணம்: ரூ. 80,000
40 மணிநேரத்தை உங்களுக்காக ஒதுக்கி வைத்ததற்கான கட்டணம். பயன்பாடு குறைந்தாலும் தொகை குறையாது.

2. மே மாதத்தில் மிஞ்சிய 6 மணிநேரம்: ரூ. 0
மே இன்வாய்ஸிலேயே பணம் பெற்றுவிட்டோம். கணக்குக்காக மட்டுமே இந்த வரி.

3. கூடுதல் நேரம்: 3.5 மணி × ரூ. 2,500 = ரூ. 8,750
14 ஜூன், சனிக்கிழமை இரவு: இணையதள முகப்புப் பக்கத்தின் அவசரத் திருத்தம். தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் ஒப்புதல் தந்திருந்தீர்கள்.

செலுத்த வேண்டிய மொத்தம்: ரூ. 88,750
கடைசி நாள்: 15 ஜூலை 2025

நேரக் கணக்கு
வழக்கமான பணிகளுக்கு ஆனது 41 மணி: பதிவுகள் 18, விளம்பர வடிவமைப்பு 14.5, அறிக்கையும் கூட்டங்களும் 8.5. பழைய நேரமே முதலில் கழியும் என்பதால் மே மாத 6 மணி முழுதும் தீர்ந்தது. ஜூன் ஒதுக்கீட்டில் 35 மணி செலவானது. மீதி 5 மணி ஜூலைக்குச் செல்கிறது. 31 ஜூலைக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். பணமாகத் திருப்பித் தர இயலாது.

நேரம் மிச்சமிருந்தும் கூடுதல் கட்டணம் ஏன் என்ற கேள்வி எழலாம். வார இறுதி அவசரப் பணி, ஒப்பந்தப்படி மாத ஒதுக்கீட்டில் சேராது, அதனால்தான் 3.5 மணியை அந்த 5 மணியில் கழிக்கவில்லை.

நாள்வாரி நேரப் பதிவேடு இணைப்பில் உள்ளது. கணக்கில் மாறுபாடு தெரிந்தால் 7 நாட்களுக்குள், பதிவேட்டின் வரி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.