கதிருக்கு ஒரு லீவ் லெட்டர், பகுதி பகுதியாக

கதிர் தம்பி,

நேற்று சாயங்காலம் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாய். தாளில் இருந்தது 'மதிப்பிற்குரிய' என்ற ஒரே ஒரு சொல். அம்மாவுக்கு ஆபரேஷன், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று என்னிடம் ஒரே மூச்சில் சொன்னாயே, லெட்டரும் அவ்வளவுதான். உன் விஷயத்தை வைத்தே எழுதியிருக்கிறேன். முதலில் முழுசாகப் படி, அப்புறம் எது எதற்கு என்று பார்க்கலாம்.

05.03.2026

அனுப்புநர்
ச. கதிர்,
இளநிலை உதவியாளர்,
கணக்குப் பிரிவு.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கணக்குப் பிரிவு.

பொருள்: 12.03.2026, 13.03.2026 ஆகிய இரு நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் தாயாருக்கு 12.03.2026 வியாழக்கிழமை அன்று கண்புரை அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. அன்று மருத்துவமனையில் உடன் இருக்கவும், மறுநாள் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டியுள்ளது. எனவே 12.03.2026 வியாழன், 13.03.2026 வெள்ளி ஆகிய இரண்டு நாட்களுக்கு எனக்குத் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 16.03.2026 திங்கட்கிழமை காலை பணிக்குத் திரும்புவேன்.

என்னிடம் உள்ள வவுச்சர் பதிவுகளை 11ஆம் தேதி மாலைக்குள் முடித்துவிடுவேன். விடுப்பு நாட்களில் வரும் பில்களைத் திரு. செந்தில் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். அவசரத் தேவை இருந்தால், அலுவலகப் பதிவில் உள்ள என் கைப்பேசி எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கதிர்

இணைப்பு: அறுவை சிகிச்சைத் தேதி குறிக்கப்பட்ட மருத்துவமனைச் சீட்டின் நகல்.

மேலே இருக்கும் தேதி, நீ லெட்டர் கொடுக்கும் நாள். லீவு எடுக்கும் நாளை அங்கே போட்டுவிடாதே, புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். ஒரு வாரம் முன்னாலேயே கேட்டிருக்கிறாய் என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி.

அனுப்புநரில் பெயர், பதவி, பிரிவு. உங்கள் பேட்ச்சில் இன்னொரு கதிர் இருப்பதால் இனிஷியலை விடாதே. பெறுநரில் மேலாளரின் பெயரை எழுத வேண்டியதில்லை, பதவி போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் இந்த இரண்டு பகுதியும் தேவையே இல்லை. யாரிடமிருந்து யாருக்கு என்பது அதிலேயே தெரிந்துவிடும். உன் பதவியையும் பிரிவையும் மட்டும் கடைசியில் பெயருக்குக் கீழே கொண்டுபோய் வை.

பொருள் வரியில் கொஞ்சம் நின்று யோசி. 'விடுப்பு விண்ணப்பம்' என்று மட்டும் எழுதினால் தப்பில்லை, ஆனால் உதவாது. மேடம் ஒரு நாளைக்கு எத்தனை காகிதம் பார்க்கிறார் என்பது உனக்கே தெரியும். அந்த ஒரு வரியிலேயே எந்த நாட்கள், என்ன லீவு என்று இருந்தால், மிச்சத்தைப் படிக்கும் முன்பே பாதி முடிவு எடுத்துவிடுவார்.

'தற்செயல் விடுப்பு' என்று ஏன் போட்டேன் என்றால், ஆஸ்பத்திரி விஷயம் என்றதும் நீ மருத்துவ விடுப்பு என்று எழுதிவிடுவாயோ என்ற பயம்தான். நம் அலுவலகத்தில் அது உனக்கே உடம்பு முடியாவிட்டால் எடுப்பது. அம்மாவுக்காக எடுப்பது தற்செயல் விடுப்புக் கணக்கில்தான் போகும். உன் கணக்கில் எத்தனை நாள் மிச்சம் என்று கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்.

லெட்டரின் உயிர் முதல் பத்திதான். காரணம், நாட்கள், திரும்பி வரும் தேதி மூன்றும் அதில் வந்துவிட வேண்டும். இதில் நானே சறுக்கியிருக்கிறேன். முதல் வேலையில், முதல் லெட்டரில், 'குடும்ப விஷயமாகச் சில நாட்கள் விடுப்பு தேவைப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் 'சில' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வேறு ஒன்றுமில்லை. அடுத்த தடவை உஷாராக '10 முதல் 12 வரை' என்று எழுதினேன். அதற்கும் சண்டை வந்தது. 12ஆம் தேதியே வர வேண்டும் என்று அவர்களும், 13ஆம் தேதிதானே என்று நானும். அன்றிலிருந்து ஒவ்வொரு தேதியையும் கிழமையோடு எழுதி, மொத்தம் எத்தனை நாள் என்று எழுத்தில் எழுதி, என்றைக்கு வேலைக்கு வருவேன் என்பதையும் தனியாகச் சொல்லிவிடுவேன். ஒன்றில் பிழை இருந்தால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

உனக்கு வெள்ளி முடிந்ததும் சனி, ஞாயிறு வருகிறது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் என்றைக்காவது வெள்ளியும் திங்களும் கேட்டால் முதலில் விசாரி. சில இடங்களில் நடுவே வரும் விடுமுறையையும் லீவுக் கணக்கில் சேர்த்து நான்கு நாளாகப் பிடித்துவிடுவார்கள்.

காரணத்தை இரண்டு வரிக்கு மேல் வளர்க்காதே. அம்மாவுக்கு எத்தனை வருஷமாகக் கண் தெரியவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை, எல்லாம் உண்மைதான், லெட்டரில் வேண்டாம். நேரில் கேட்டால் சொல்லிக்கொள். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரில் எழுதின 'தாழ்மையுடன்', 'பணிவன்புடன்' இரண்டையும் வேண்டுமென்றேதான் விட்டேன். 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதிலேயே மரியாதை இருக்கிறது.

இரண்டாம் பத்தியை யாரும் கட்டாயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மேலாளர் மனதில் ஓடுவது 'இவன் வேலையை யார் பார்ப்பது' என்பதுதான். அவர் கேட்கும் முன்பே நீ பதில் சொல்லிவிடுகிறாய். செந்தில் பெயரை நான் சும்மா எழுதவில்லை, மத்தியானம் கேட்டேன், சரி என்றார். நீயும் போய் ஒரு வார்த்தை பேசிவிடு. தன் பெயர் இருப்பதை மேடம் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நன்றி, இப்படிக்கு எல்லாம் வழக்கம்தான். பெயருக்கு மேல் கையெழுத்துப் போட மறக்காதே. இணைப்பில் நகலை மட்டும் வை, அசல் சீட்டு ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.

லெட்டரை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடாதே, கையில் கொடு. மேடம் 'சரி, போய்ட்டு வா' என்று வாயால் சொல்வார், அது அவர் பழக்கம். சிரித்துக்கொண்டே, 'ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்' என்று அங்கேயே நில். கையெழுத்து வாங்கியதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தாளை நேராகப் பணியாளர் பிரிவில் கொடுத்துவிட்டு வா. அவர்கள் பதிவேட்டில் ஏற்றினால்தான் அந்த இரண்டு நாளும் லீவு, இல்லையென்றால் மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா