தரவுப் பாதுகாப்புச் சட்டம்: சம்மதம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரிப்போர்ட் அனுப்பத்தான் என்று சொல்லி ரத்தப் பரிசோதனை நிலையம் உங்கள் செல்பேசி எண்ணை வாங்குகிறது. அடுத்த வாரமே இன்சூரன்ஸ் விற்கும் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கிறார். நீங்கள் சம்மதித்தது ரிப்போர்ட்டுக்கு மட்டும்தானே? இந்த அத்துமீறலைக் கேள்வி கேட்கும் உரிமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம், உரிமைகள் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்.

சம்மதம் கேட்பவர் முதலில் உங்களுக்கு ஓர் அறிவிப்பு தரவேண்டும். எந்த விவரத்தை எடுக்கிறார், எதற்காக எடுக்கிறார், சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, யாரிடம் புகார் செய்வது என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கவேண்டும். ஆங்கிலம் வேண்டாம் என்றால் தமிழில் கேளுங்கள், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கும் வாய்ப்பைச் சட்டமே கொடுத்திருக்கிறது. “சேவையை மேம்படுத்த” என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது நோக்கமே இல்லை, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சம்மதம் நீங்களாகச் செய்யும் செயலாக இருக்கவேண்டும், அதாவது முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் பேசாமல் இருந்தது சம்மதம் ஆகாது. சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டும்தான் அது செல்லும்; ரிப்போர்ட் அனுப்ப எண் போதும், உங்கள் போனில் உள்ள தொடர்புகளின் பட்டியல் எதற்கு? கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். திரையில் ஒரே தட்டலில் சம்மதம் வாங்கியவர், திரும்பப் பெற மட்டும் உங்களைப் பத்துப் பக்கம் அலையவிடக் கூடாது, இரண்டும் ஒரே அளவு எளிதாக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நீங்கள் திரும்பப் பெறும் முன் முறையாக நடந்தவை செல்லாதவை ஆகிவிடாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெறவேண்டும்.

அப்புறம், திருத்தமும் நீக்கமும். பெயரில் எழுத்துப் பிழை, பழைய முகவரி, பாதியில் நிற்கும் விவரம் எதுவானாலும் சரிசெய்யச் சொல்லலாம். அழிக்கவும் சொல்லலாம். ஆனால் வேறொரு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளை, உதாரணமாக வங்கிக் கணக்கு சார்ந்தவற்றை, நீங்கள் கேட்டதும் அழித்துவிட மாட்டார்கள்.

கோரிக்கையை எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி போதும்: “ரிப்போர்ட்டுக்காகக் கொடுத்த என் எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை. அதை நீக்கிவிட்டு எனக்குத் தெரிவியுங்கள்.” அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம்தான் முதலில் போகவேண்டும், அவர்கள் பதில் சொல்ல அதிகபட்சம் 90 நாள். அதிலும் தீரவில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு வாரியம். மீறலைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரைகூட அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம், அதனால் ஆதாரத்தோடு போங்கள்.