முப்பத்தொரு குறிகள்

கவினின் நாட்குறிப்பை அக்கா படித்துவிட்டாள். படித்ததோடு விட்டாளா? சாப்பாட்டு மேசையில் ராகம் போட்டு வாசித்தும் காட்டினாள்.

அன்றிரவே புது எழுத்து உண்டாக்க உட்கார்ந்தான். தமிழில் 247 எழுத்து, அத்தனைக்கும் படம் போட்டால் பள்ளி விடுமுறையே முடிந்துவிடும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31 போதும், 'கா' வேண்டுமென்றால் 'க்' குறியையும் 'ஆ' குறியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சரி. புள்ளிகூடத் தேவையில்லை! 'ப்' பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரி. 'ம்' கொம்தார் கோபுரம். 'ழ்' மட்டும் மூன்று நாள் பிடிகொடுக்கவில்லை, கடைசியில் ரொட்டி சானாய் சுருளாக வந்து நின்றது.

இரண்டு வாரம் நிம்மதியாக எழுதினான். "இன்று என் டின்னிலிருந்து ஐந்து வெள்ளி காணோம். அக்காதான்."

மறுநாள் அதன் கீழே அவனுடைய எழுத்திலேயே ஒரு வரி: "நான் எடுக்கல. பாட்டி வெத்தலை வாங்க வெல்லி எடுத்தாங்க."

கவினுக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பக்கங்களைப் புரட்டினான். எல்லாப் பக்கமும் ஒரே நான்கு குறிகளில் தொடங்கின. இ, ன், ற், உ. சே, தினமும் "இன்று"!

சிவப்புப் பேனாவை எடுத்து 'வெல்லி'யை 'வெள்ளி' ஆக்கினான். அப்புறம் பாட்டியைத் தேடிப் போனான்.