கணினி ஆய்வகம்: பயாஸ் செட்டப் பூட்டப்படுவது குறித்து ஆசிரியர்களுக்கு

வணக்கம்.

போன வாரம் பத்தாம் வகுப்பு பாடவேளையில் 7ஆம் எண் கணினி திறக்கவில்லை. திரையில் `No bootable device` என்று மட்டும் நின்றது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். பார்த்தால், யாரோ F2 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், கணினி எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசையிலிருந்து டிஸ்கையே எடுத்துவிட்டிருந்தார்கள். சரிசெய்ய இரண்டு நிமிடம்தான். கண்டுபிடிக்கத்தான் பாடவேளை முழுக்கப் போனது. யார் செய்தது என்று விசாரிக்கப் போவதில்லை. பூட்டாமல் விட்டது என் தவறு.

எனவே வரும் சனிக்கிழமை காலை, பொதுப் பயன்பாட்டில் உள்ள 20 கணினிகளிலும் செட்டப்புக்கு பாஸ்வேர்ட் போடுகிறேன். பென்டிரைவிலிருந்து பூட் ஆவதும் நிறுத்தப்படும். மதியம் வரை ஆய்வகம் கிடைக்காது. எமிஸ் வேலை பாக்கி உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கோப்புகள் எதுவும் அழியாது.

"அப்போ பென்டிரைவில் வினாத்தாள் கொண்டு வர முடியாதா?" என்று ஆசிரியர் அறையிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தாராளமாகக் கொண்டு வரலாம். விண்டோஸ் திறந்த பிறகு பென்டிரைவ் வழக்கம்போல வேலை செய்யும். பென்டிரைவில் இருக்கும் வேறொரு சிஸ்டத்தை வைத்துக் கணினியைக் கிளப்புவதைத்தான் தடுக்கிறோம். அப்படிக் கிளப்பினால் விண்டோஸ் பாஸ்வேர்டுக்கு அர்த்தமே இல்லை. உள்ளே இருக்கும் மதிப்பெண் பட்டியலை யாரும் எடுத்துவிடலாம்.

கணினியை ஆன் செய்யும்போது புதிதாக எதுவும் கேட்காது. F2 அல்லது F12 அழுத்தினால் மட்டும் பாஸ்வேர்ட் கட்டம் வரும். மாணவர் யாராவது அந்தக் கட்டத்தில் போய் நின்றால், ஊகித்து அடித்துப் பார்க்க வேண்டாம். சில கணினிகள் மூன்று முறை தவறினால் அப்படியே உறைந்து நின்றுவிடும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால் போதும்.

ஒரு சங்கடம் உண்டு. 3ஆம் எண்ணில் கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. பிரவுசர், தளம் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. இதுவரை நீங்களே F2-வில் போய் தேதியை மாற்றி வந்தீர்கள். இனி முடியாது, என்னிடம் சொல்லுங்கள். காரணம் உள்ளே இருக்கும் CR2032 பேட்டரி தீர்ந்ததுதான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போது வாங்கி வந்து சனிக்கிழமையே மாற்றிவிடுகிறேன்.

பேட்டரி என்றதும் இன்னொன்று: பல டெஸ்க்டாப்களில் அதைச் சற்று நேரம் கழற்றி வைத்தாலே பயாஸ் பாஸ்வேர்ட் அழிந்துவிடும். அதனால் கேபினெட்டின் பின்புறமும் சின்னப் பூட்டு தொங்கும். தூசி துடைக்க மூடியைத் திறக்க வேண்டுமென்றால் சாவி என்னிடம்.

பாஸ்வேர்ட் எழுதிய உறை, அரக்கு வைத்து, தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருக்கும். நான் விடுப்பில் இருந்தால் அவர் முன்னிலையில் பிரித்துப் பயன்படுத்தலாம். பயன்படுத்தினால் தெரிவியுங்கள், புதிதாக மாற்றிவிடுவேன். வகுப்பு நடக்கும்போது போனில் மட்டும் கேட்காதீர்கள். நம் பிள்ளைகளுக்குக் காது கூர்மை.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்
காட்பாடி, வேலூர் மாவட்டம்