இன்டர்வியூ டைம் கொஞ்சம் மாத்த முடியுமா மேடம்

வணக்கம் மேடம், நேத்து அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் போஸ்ட்டுக்கு நீங்க கால் பண்ணப்போ ஆபீஸ்ல இருந்தேன், பக்கத்து சீட்லயே எங்க மேனேஜர், அதான் சரி சரின்னு மட்டும் சொல்லி வச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க.

புதன்கிழமை காலைல 11 மணின்னு சொன்னீங்க. எனக்கு இப்ப நோட்டீஸ் பீரியட் ஓடிட்டு இருக்கு, 60 நாள்ல 22 நாள் முடிஞ்சிருக்கு. இந்த டைம்ல லீவு போட்டா அத்தனை நாள் ரிலீவிங் தள்ளிப்போகும்னு லெட்டர்லயே போட்டிருக்காங்க, அப்படி ஆனா உங்ககிட்ட ஜாயின் பண்றதும் லேட் ஆகும். அதுபோக 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ஃபைல் பண்ணணும், அந்த வேலை என் தலைலதான், புதுசா வந்த பையனுக்கு இப்பதான் 2பி-யோட பர்ச்சேஸ் பில்லை டேலி பண்ணவே சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன்.

அதனால சாயங்காலம் 7:30க்கு மேல வீடியோ கால்ல வச்சுக்கலாமா? 6:30க்கு கிண்டில ட்ரெயின் ஏறினா ஏழேகாலுக்குள்ள தாம்பரம் வீட்டுல இருப்பேன். நேர்லதான் வரணும்னா சனிக்கிழமை எத்தனை மணின்னாலும் ஓகே, இல்லன்னா காலைல 8 மணிக்கு வந்து பார்த்துட்டு அப்படியே ஆபீஸ் போயிடுவேன். டெஸ்ட் ஏதாவது இருந்தா மெயில்ல அனுப்புங்க, நைட்டு முடிச்சு அனுப்பிடறேன்.

பகல்ல கால் எடுக்க முடியாது மேடம், வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா லஞ்ச்ல பார்த்து ரிப்ளை பண்றேன்.