மிஸ்ர ஜம்பையும் பெருவிரலும்: பயிற்சிப் பதிவேடு, மீள்நோக்குக் குறிப்பேடு (முதற் சுழற்சி)

தரம் 8, கர்நாடக சங்கீதம், யாழ்ப்பாணம்

ஆய்வு வினா: வீட்டில் பாடியதைப் பிள்ளைகள் தாங்களே பதிந்துவந்தால், ஜம்பை தாள அலங்காரத்தை இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் தாளம் பிசகாமல் பாடுவதில் முன்னேற்றம் தெரியுமா?

இக்குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும் மட்டும். வலப்பக்கத்தில் அதே நாள் மாலை எனக்குத் தோன்றியது. "நன்றாக", "கவனமின்றி" போன்ற சொற்கள் இடப்பக்கத்துக்கு வரக்கூடாது. பிள்ளைகள் எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படுகிறார்கள். பெற்றோரின் ஒப்பமிட்ட சம்மதக் கடிதங்களும் பெயர்ப் பட்டியலும் தனிக் கோப்பில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன.

மே 6

*இடப்பக்கம்.* மாயாமாளவகௌளை. முதற் காலத்தில் எல்லோரும் முடித்தார்கள். இரண்டாம் காலத்தில் மாணவி அ மேல் ஸட்ஜத்தில் நின்றார். மாணவி இ பத்து எண்ணிக்கைத் தாளச் சுற்றான ஆவர்த்தனத்தை ஒன்பது எண்ணிக்கையில் முடித்தார். மாணவன் உ பாடுவதை விடவில்லை. தாளம் போட்ட கை நின்றுவிட்டது. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தேன்.

*வலப்பக்கம்.* மூவரும் பிழை விட்டார்கள், ஆனால் ஒரே பிழையன்று. "தாளம் போதாது" என்று மதிப்பெண் ஏட்டில் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். இந்த ஆய்வு வேண்டியதே அதனால்தான்.

மே 15

*இடப்பக்கம்.* முதல் வாரப் பதிவுத் தாள்கள் வந்தன. மாணவி அ: "30 நிமிடம். அலங்காரம் பாடினேன். நன்றாக வந்தது." மாணவி இ: "30 நிமிடம். ஜம்பை. தாளம் கொஞ்சம் பிழை." மாணவன் உ: "30 நிமிடம்." எல்லாத் தாளிலும் பெற்றோர் ஒப்பம் உண்டு.

*வலப்பக்கம்.* ஒப்பத்துக்காக எழுதிய தாள்கள். பிள்ளை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த நேரத்தையும் முழுதாக நம்ப முடியவில்லை. நிமிடப் பத்தியை எடுத்துவிட்டு மூன்று கேள்விகள் வைக்கிறேன்: எந்த வரியில் நின்றது? அப்போது எந்த விரல்? அதற்குப் பிறகு என்ன செய்தாய்? பெற்றோர் ஒப்பமும் வேண்டாம். தாளை நானே வாசிப்பேன், மதிப்பெண் போடமாட்டேன் என்று வகுப்பில் சொல்ல வேண்டும்.

மே 22

*இடப்பக்கம்.* புதிய தாள்கள்.

மாணவி அ: "ப த நி வரி முடிந்து ஸ் நி த தொடங்கும்போது. பெருவிரல். முதலிலிருந்து பாடினேன். மறுபடியும் அங்கேதான்."

மாணவி இ: "இரண்டாவது சுண்டுவிரல் மறந்துபோகிறது. பாடாமல் தாளம் மட்டும் போட்டேன்."

மாணவன் உ: "கோயிலில் ஒலிபெருக்கி. சுருதிப்பெட்டி கேட்கவில்லை. பாடவில்லை."

*வலப்பக்கம்.* ஒரு கேள்வியை மாற்றியதற்கு இவ்வளவு! மாணவி அ எழுதியதை வைத்துக்கொண்டு வரிவரியாக எண்ணிப் பார்த்தேன்.

ஸ ரி க ஸ ரி ஸ ரி | க | ம ,

லகுவுக்குத் தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆட்காட்டிவிரல், பெருவிரல், மறுபடி சுண்டுவிரல். அனுதிருதத்துக்கு ஒரு தட்டு. திருதத்துக்குத் தட்டும் வீச்சும். மொத்தம் 10. முதற் காலத்தில் ஒவ்வொரு வரியும் ஓர் ஆவர்த்தனம், ஆகவே எல்லா வரியும் தட்டில்தான் தொடங்கும். இரண்டாம் காலத்தில் இரண்டு வரிகள் ஓர் ஆவர்த்தனத்துக்குள் அடங்குகின்றன. இரண்டாவது வரி ஆறாம் எண்ணிக்கையில், அதாவது பெருவிரலில் தொடங்குகிறது. ஏறுவரிசையில் ஐந்து வரிகள்தான். ஐந்து ஒற்றைப்படை. ஆகவே இறங்குவரிசையின் முதல் வரி தட்டில் விழாமல் பெருவிரலில் விழுகிறது! மேலே ஏறி முடித்த பிள்ளை, புதிதாக ஒன்று தொடங்குகிறது என்று கையையும் புதிதாகத் தட்டத் தேடுகிறது. மாணவி அ நின்ற இடம் அது. கவனக்குறைவு என்று அதைச் சொல்லவே முடியாது. அவர் காது சரியாகத்தான் ஒரு தொடக்கத்தைக் கேட்டிருக்கிறது.

மாணவி இ விடுவது வேறு. பெருவிரலோடு விரல்கள் தீர்ந்துவிட்டன என்று கை நினைக்கிறது. ஏழாவது எண்ணிக்கை போய்விடுகிறது. மே 6 அன்று கேட்ட ஒன்பதுக்குக் காரணம் கிடைத்தது.

மாணவன் உ எழுதிய ஒலிபெருக்கியும் தரவுதான். இம்மாதங்களில் ஊர்க் கோயில்களில் திருவிழா அடுத்தடுத்து வரும். "பயிற்சி இல்லை" என்று குறியீடு செய்தால், இடமும் அமைதியும் இல்லாத வீடு ஆர்வம் இல்லாத பிள்ளையாக மாறிவிடும். "சூழல்" என்று தனிக் குறியீடு வைக்கிறேன்.

மே 27

*இடப்பக்கம்.* ஐந்தாம், ஆறாம் வரிகளை மட்டும் ஓர் ஆவர்த்தனமாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடவைத்தேன். முதலில் சொற்கட்டில், பிறகு ஸ்வரத்தில். ஆறாம் வரியின் தொடக்கத்தில் பெருவிரலைப் பார்க்கச் சொன்னேன். நடுவே மாணவி அ, "ரீச்சர், இது பாதியில் தொடங்குகிறது" என்றார். திட்டத்தில் இல்லாதபடி அவரையே கரும்பலகையில் விரல்களை வரையச் சொன்னேன்.

*வலப்பக்கம்.* செயலுக்குள்ளேயே நடக்கும் மீள்நோக்கு, செயலுக்குப் பின் நடக்கும் மீள்நோக்கு என்று டொனால்ட் ஷோன் பிரித்துக் காட்டிய இரண்டில் இது முதலாவது. தனி நிற மையில் குறித்திருக்கிறேன். பாடத்திட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் திருப்பம் தெரியாது. வீட்டுப்பயிற்சிக்கும் அந்த ஓர் ஆவர்த்தனத்தையே கொடுத்தேன். பத்தே எண்ணிக்கை என்பதால் ஒலிபெருக்கி ஓயும் சிறு இடைவேளையிலும் பாடலாம்.

ஜூன் 12

*இடப்பக்கம்.* இரண்டாம் ஒலிப்பதிவு. மிருதங்க ஆசிரியர் இரு பதிவுகளையும் தேதி தெரியாமல் கேட்டு, பிசகிய இடங்களைக் குறித்தார். மாணவி அ: பிசகு இல்லை. மாணவி இ: தாளில் "நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறார், பதிவில் இரண்டு ஆவர்த்தனங்கள் ஒன்பதில் முடிகின்றன. மாணவன் உ: கை நிற்கவில்லை, ஆனால் காலம் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

*வலப்பக்கம்.* மாணவி இ பொய் எழுதவில்லை. பாட்டு நிற்காதபோது எண்ணிக்கை குறைந்தது அவருக்குக் கேட்பதில்லை. பதிவேட்டில் பிள்ளை உணர்ந்த பிழைதான் இருக்கும். உணராத பிழைக்கு ஒலிப்பதிவு வேண்டும். இரண்டும் முரண்படும் தாள்களை ஒதுக்கிவிடாமல் அறிக்கையில் அப்படியே சேர்ப்பேன். எனக்கு அதிகம் கற்றுக்கொடுப்பவை அவைதாம்.

ஆய்வுக் குறிப்பு, ஜூன் 15

மே 22க்குப் பிறகு வந்த முன்னேற்றம் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. "எந்த விரல்?" என்ற கேள்வியே பிள்ளையை விரலைப் பார்க்கவைத்தது. தரவு திரட்ட வைத்த தாளே பயிற்றுமுறையின் பகுதியாகிவிட்டது. செயல்நிலை ஆய்வில் இதைக் குறையாக மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "பதிவேடு முன்னேற்றத்தை அளந்தது" என்று எழுதினால் அது உண்மையன்று. "பதிவேடும் தலையீடும் சேர்ந்து செயற்பட்டன" என்றே முறையியல் பகுதியில் எழுத வேண்டும். மூன்று பிள்ளைகளை வைத்து வகுப்பு முழுவதற்கும் முடிவு சொல்லவும் போவதில்லை.

குறியீடுகள் இப்போதைக்கு நான்கு: திரும்புமிடம், விடுபட்ட விரல், வேகம், சூழல்.

இரண்டாம் சுழற்சித் திட்டம்

திஸ்ர திரிபுடை. இங்கும் ஏறுவரிசையில் ஐந்து வரிகள். ஆனால் வரிக்கு ஏழு எண்ணிக்கை. இரண்டாம் காலத்தில் இறங்குவரிசை எந்த விரலிலும் தொடங்காது. நான்காம் எண்ணிக்கையான திருதத் தட்டு விழுந்து, அடுத்த வீச்சு வருவதற்குள் பாதியில் தொடங்கும். ஜம்பையில் பெருவிரலைக் கண்டுபிடித்த மாணவி அ இதைத் தானாகக் கண்டுகொள்கிறாரா என்று பார்க்க, முதல் வாரம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. மாணவி இ தன் ஒலிப்பதிவைத் தானே கேட்டு, கையால் தாளம் போட்டபின் தாளை நிரப்புவார். மாணவன் உ பாடசாலை முடிந்து சங்கீத அறையில் பாட அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அதுவரை அவருடைய தாளில் சூழல் பத்தி முதலாவதாக இருக்கும்.